104 மார்க்குக்கு 90 எப்படி? ஜேஇஇ பர்சன்டைல் கணக்கு விளக்கவும்

கோத்தகிரி தேயிலை (இழையைத் தொடங்கியவர்)

மகள் ஜனவரி அமர்வில் ஜேஇஇ மெயின் எழுதினாள். இறுதி விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்தோம், 300க்கு 104 வருது. 34.67 சதவீதம். ஆனால் ஸ்கோர்கார்டில் மொத்தத்துக்கு நேரே 90.4 என்று போட்டிருக்கு. மார்க் எங்கேயும் போடவில்லை.

அவள் தோழி மறுநாள் மதிய ஷிப்ட். 112 எடுத்திருக்கிறாள், அவளுக்கு 88.9தான். எட்டு மார்க் கூட எடுத்தவளுக்குக் குறைவு எப்படி?

இன்னொன்று. இயற்பியல் 84.2, வேதியியல் 91.6, கணக்கு 86.8. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 87.5தான் வருது. 90.4 எங்கிருந்து வந்தது? சொந்தக்காரர்கள் எல்லாரும் "90 சதவீதம்" என்று வாழ்த்துறாங்க. என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

---

அருவங்காடு 77

சார், பர்சன்டைல் என்றால் உங்களுக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்று அர்த்தம். 90.4 என்றால் நூறு பேரில் 90 பேர் பாப்பாவைவிடக் குறைவு. மார்க் எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை. யாரும் தன்னைவிடக் குறைவாக இருக்க முடியாது, அதனால் முதல் ஆளுக்குக்கூட 100 வராது, 99.99தான் வரும்.

---

குன்னூர் கணக்கு

அருவங்காடு சார் சொன்னதில் முதல் பாதி சரி. கடைசி வரி ஜேஇஇக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தடவையும் 100 வாங்கினவர்கள் பட்டியலைத் தேர்வு நடத்துற என்டிஏவே வெளியிடுது. காரணம் சூத்திரத்தில் இருக்கு:

```
P = 100 × m / N
```

N என்பது அந்த ஷிப்டில் தேர்வு எழுதினவர்கள் மொத்தம். m என்பது உங்கள் மார்க்குக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள். "சமமாகவோ" என்று இருப்பதால் உங்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அதனால் ஷிப்டில் முதலாவதாக வந்தவருக்கு m-உம் N-உம் ஒன்றே, 100 கிடைச்சுடும். நீங்கள் சொன்ன "கீழே இருப்பவர் மட்டும்" கணக்கு கேட் தேர்வோட வழிக்குக் கிட்ட வரும். எம்பிஏக்கு எழுதுற கேட்டைச் சொல்றேன். அங்கே மொத்தத்திலிருந்து ரேங்கைக் கழித்து வகுப்பார்கள். தேர்வுக்குத் தேர்வு வரையறை மாறும்.

இப்போ கோத்தகிரி சாரோட முதல் கேள்வி. நிஜ ஷிப்டில் லட்சத்துக்கும் மேலே ஆட்கள் இருப்பாங்க, அதைக் கையால் போட முடியாது. 20 பேர் எழுதின இரண்டு ஷிப்ட் என்று வைத்துக்கொள்வோம். மார்க்குகள் நான் போட்டவை.

```
காலை:  212 187 171 158 146 139 131 122 122 110
       104  97  91  84  76  68  59  47  33  -4

மதியம்: 181 154 139 127 118 109 101  94  88  83
        77  70  66  60  52  45  41  30  18  -7
```

காலையில் 131 எடுத்த பிள்ளையைப் பாருங்கள். அதைவிட மேலே ஆறு பேர். தன்னையும் சேர்த்து மீதி 14 பேர். 14ஐ 20ஆல் வகுத்தால் பர்சன்டைல் 70. சதவீதம் 43.67.

மதியம் 118 எடுத்த பிள்ளைக்கு மேலே நான்கு பேர்தான். 16ஐ 20ஆல் வகுத்தால் 80. சதவீதம் 39.33.

மார்க்கில் 13 குறைவு, பர்சன்டைலில் 10 அதிகம். மதியத் தாள் கடினம் என்பது இரண்டு வரிசையையும் பார்த்தாலே தெரியும். எல்லாருமே இறங்கியிருக்காங்க. மகள் 104, தோழி 112 கதையும் இதேதான். மகளோட தாள் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும்.

சம மார்க்கையும் கவனியுங்கள். காலையில் 122 இரண்டு பேர். ஏழு பேர் மேலே, மீதி 13, அதனால் இரண்டு பேருக்கும் 65. அடுத்த 110க்கு நேராக 55. நடுவில் 60 யாருக்குமே கிடையாது. நிஜத் தேர்வில் ஒரே மார்க்கில் நூற்றுக்கணக்கில் நிற்பாங்க. இந்தத் தாவல் அங்கேயும் இருக்கும், தசமத்தில் ஒளிஞ்சிருக்கும். ஏழு தசம இடம் வரைக்கும் என்டிஏ போடுவது ஷிப்டுகளைச் சேர்க்கும்போது ஆட்கள் ஒரே எண்ணில் குவியாமல் இருக்கத்தான். 90.4 என்று சுருக்காமல் ஏழு இடத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

மஞ்சூர் மழை

நம்ம மலைக்காரங்களுக்கு ஒரு வழியில் சொல்லிப் பார்க்கிறேன். ஜூலையில் ஒரு நாள் 60 மில்லிமீட்டர் மழை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும் இடம், அங்கே அதை யாரும் பெரிசா பேச மாட்டாங்க. அதே 60 ஜூலையில் கோத்தகிரியில் பெய்தால் ஊரே பேசும். கோத்தகிரிக்கு மழை பெரும்பாலும் வடகிழக்கில்தான். மழைமானியில் எண் ஒன்றுதான், எந்த நாட்களோட வைத்துப் பார்க்கிறோம் என்பது வேற. மானி காட்டுவது மார்க், அந்த ஊர் நாட்களில் அது எத்தனையாவது என்பது பர்சன்டைல்.

ஒரு சந்தேகம். ஒரு கோச்சிங் சென்டர் அட்டவணை வாட்ஸ்அப்பில் சுத்துது. அதில் 104க்கு 88 என்று இருக்கு. அப்போ 90.4 தப்பா?

---

குன்னூர் கணக்கு

மழை உதாரணம் நன்றாக இருக்கு. அட்டவணைக்கும் அதுவே பதில். அந்த அட்டவணை ஏதோ ஒரு வருஷத்து, ஏதோ சில ஷிப்டுகளில் பிள்ளைகள் சொன்ன மார்க்கை வைத்துப் போட்டது. கூடலூர் மழைப் பதிவை வைத்து கோத்தகிரி நாளை எடை போடுவது போல. மேலே என் உதாரணத்திலேயே 139 இரண்டு ஷிப்டிலும் இருக்கு. காலையில் அது 75, மதியம் 90. "139க்கு எவ்வளவு" என்று ஒரே வரியில் எந்த அட்டவணை போட்டாலும் ஒரு ஷிப்டுக்காவது தப்பாகத்தான் இருக்கும். ஸ்கோர்கார்டு வந்தபிறகு அட்டவணைக்கு வேலை இல்லை.

---

கூடலூர் அம்மா

என் பையன் நீட் எழுதுறான். பொதுப்பிரிவுக்கு 50 பர்சன்டைல் வேணும் என்று போட்டிருக்காங்க. அப்போ 720க்கு 360 எடுத்தால்தான் தகுதியா? பயிற்சித் தேர்வில் 290, 300தான் வருது. ரொம்பப் பயமா இருக்கு.

---

ஊட்டி தரவு

இல்லைம்மா, 360 இல்லை. 50 பர்சன்டைல் என்றால் எழுதினவர்களை வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவரோட மார்க். அந்த நடு ஆள் எவ்வளவு எடுத்தாரோ அதுதான் அந்த வருஷத்துத் தகுதி. பொதுப்பிரிவுக்கு 2022இல் அது 117, 2023இல் 137, 2025இல் 144. 720க்கு 144 என்பது சரியாக 20 சதவீதம். 117 என்றால் 16.25 சதவீதம். 50 பர்சன்டைலும் 20 சதவீதமும் ஒரே மார்க்கைத்தான் காட்டுது.

ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். அது கவுன்சிலிங்கில் நிற்கத் தகுதி, அவ்வளவுதான். அரசு எம்பிபிஎஸ் இடம் அதைவிட எவ்வளவோ மேலே முடிஞ்சிடும். அங்கே பார்ப்பது ரேங்க்.

---

கோத்தகிரி தேயிலை

குன்னூர் சாருக்கு நன்றி. ஷிப்ட் விஷயம் பிடிபட்டது. மழை சொன்னது இன்னும் நல்லா விளங்கிச்சு. சராசரி விஷயம் மட்டும் இன்னும் இடிக்குது. மூன்று பாடமும் சேர்ந்ததுதானே மொத்தம்?

---

குன்னூர் கணக்கு

மார்க் சேரும் சார், பர்சன்டைல் சேராது. என்டிஏ பாட பர்சன்டைலைக் கூட்டுவதில்லை. மூன்று பாட மார்க்கையும் கூட்டி, அந்த மொத்த மார்க்கை வைத்துப் புதிதாக ஒரு வரிசை நிறுத்தி, அதில் தனியாகப் பர்சன்டைல் எடுக்கிறது. ஐந்து பேரை வைத்துப் பாருங்கள்.

```
       இயற்  வேதி  கணக்கு  மொத்தம்
அ      90    20    25      135
ஆ      15    85    30      130
இ      20    25    80      125
ஈ      60    55    58      173
உ      10    10    10       30
```

"ஈ" எந்தப் பாடத்திலும் முதல் இல்லை, மூன்றிலும் இரண்டாவது. ஒவ்வொரு பாடத்திலும் ஐந்தில் நான்கு, அதாவது 80, 80, 80. சராசரி போட்டால் 80. ஆனால் மொத்தத்தில் முதல் ஆள், 100.

ஏன் என்றால், ஒரு பாடத்தில் மேலே இருந்தவர்கள் மற்ற இரண்டில் விழுந்துட்டாங்க. மூன்றிலும் ஒரே சீராக நிற்கிற பிள்ளைகள் குறைவு. மகளும் அப்படித்தான் தெரியுது, 84, 86, 91. அதனால் மொத்தம் சராசரிக்கு மேலே போயிருக்கு. "இ" மாதிரி ஒரு பாடத்தில் மட்டும் உச்சம் தொட்டவர்களுக்குச் சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். மொத்தம் சராசரிக்குக் கீழே வந்தது என்று யாராவது மறுமதிப்பீடு கேட்கக் கிளம்பினால், அது பிழை இல்லை என்று சொல்லுங்கள்.

---

அருவங்காடு 77

100 விஷயத்தில் நான் சொன்னது தப்பு, திருத்திக்கொள்கிறேன். ரேங்க் போட எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 100இலிருந்து பர்சன்டைலைக் கழித்து, மொத்த ஆட்களால் பெருக்கி, 100ஆல் வகுக்கணும். 2025இல் இரண்டு அமர்வும் சேர்த்து எழுதினவர்கள் 14,75,103. அதையே வைத்தால் 9.6ஐப் பெருக்கி, சுமார் 1,41,600வது ரேங்க். சரியா?

---

ஊட்டி தரவு

முறை சரி சார். ஆனால் அது மதிப்பீடுதான். ரேங்க் என்பதே ஏப்ரல் அமர்வு முடிந்தபிறகுதான் வரும். ஜனவரியில் வருவது அந்த ஷிப்டுக்குள் கிடைத்த பர்சன்டைல் மட்டும். இரண்டு அமர்வும் எழுதினால் எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ரேங்க் போடுவாங்க.

மதிப்பீடு எவ்வளவு விலகும் என்று 2025 எண்ணை வைத்தே பார்க்கலாம். ஐஐடிக்கான அடுத்த தேர்வான அட்வான்ஸ்டுக்குப் பொதுப்பட்டியலின் கட்ஆஃப் அந்த வருஷம் 93.1021262. சூத்திரப்படி அங்கே ரேங்க் சுமார் 1,01,750 வரணும். நிஜத்தில் அந்தப் பட்டியலில் எடுத்தவர்கள் 97,321 பேர். நாலாயிரத்துக்கும் மேலே வித்தியாசம். சூத்திரம் ரேங்கைக் கூட்டிக் காட்டுது, நிஜம் அதைவிட நல்ல ரேங்க்.

காரணம், இரண்டு அமர்விலும் மேலே நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஜனவரியில் 93க்கு மேலே இருந்தவர் ஏப்ரலிலும் 93க்கு மேலே வருவார், அவரை ஒரு தடவைதான் எண்ணுவோம். ஆனால் பெருக்கும் மொத்தத்தில் ஒரே ஒரு அமர்வு எழுதிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் இருக்காங்க.

---

குன்னூர் கணக்கு

இங்கே கொஞ்சம் ஒத்துப்போகவில்லை தம்பி. இரண்டில் நல்லதை எடுக்கிறோம் இல்லையா. ஜனவரியில் 91 எடுத்து ஏப்ரலில் 94க்குப் போனவர்களும் இருப்பாங்க. அவங்க புதிதாக 93க்கு மேலே ஏறுவாங்க, அதனால் மேலே ஆட்கள் கூடத்தான் செய்யணும். எல்லாரும் இரண்டு அமர்வும் எழுதினால் சூத்திரம் காட்டுவதைவிட ரேங்க் மோசமாகத்தான் வரும், நல்லதாக வர வழியே இல்லை.

---

ஊட்டி தரவு

எல்லாரும் இரண்டும் எழுதினால் நீங்கள் சொல்வது சரிதான் சார். ஆனால் எல்லாரும் எழுதுவதில்லையே. எது அதிகம் இழுக்கும் என்பது எத்தனை பேர் இரண்டும் எழுதினாங்க, அவங்களில் எத்தனை பேர் ஏறினாங்க என்பதைப் பொறுத்தது. 93 பக்கத்தில் முதல் காரணம் ஜெயித்திருக்கு என்பதை மேலே உள்ள எண்ணே காட்டுது. 80 பக்கத்தில் உங்க பக்கம் சாயலாம்.

---

குன்னூர் கணக்கு

அதை ஒத்துக்கொள்கிறேன். 93இல் பார்த்ததை 90.4க்கு நீட்டலாமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம்தான். கோத்தகிரி சார் 1,41,600 என்பதை ஏழெட்டு ஆயிரம் முன்னே பின்னே என்றே எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு குறையையும் சொல்லணும். ஷிப்ட் பர்சன்டைல் முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்குது. ஒவ்வொரு ஷிப்டிலும் கெட்டிக்காரர்களும் மற்றவர்களும் ஒரே விகிதத்தில் இருப்பாங்க என்பது. ஆட்களைக் குலுக்கல் போல பிரித்துப் போடுவதால் லட்சம் பேர் அளவில் அது பெரும்பாலும் நிற்கும். ஆனால் ஒரு ஷிப்டில் எல்லாரும் மார்க் குறைவாக எடுத்தால், தாள் கடினமா, வந்த கூட்டம் பலவீனமா என்று பர்சன்டைலால் சொல்ல முடியாது. தாள்தான் கடினம் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

---

கோத்தகிரி தேயிலை

நீங்க இரண்டு பேரும் இவ்வளவு பாடுபட்டதுக்கு நன்றிங்க. இன்னொன்று கேட்கணும். என்ஐடிக்கு பிளஸ் டூவில் 75 சதவீதம் வேணும், இல்லாவிட்டால் முதல் 20 பர்சன்டைல் என்று போட்டிருக்கு. அவளுக்கு பிளஸ் டூவில் 73 சதவீதம் பக்கம்தான் வரும் போலிருக்கு. ஆனால் ஜேஇஇயில் 90.4 என்றால் முதல் பத்துக்குள்ளே இருக்காளே, அது போதும்தானே?

---

ஊட்டி தரவு

போதாது சார், இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அந்த "முதல் 20 பர்சன்டைல்" ஜேஇஇ வரிசை இல்லை. அவள் பிளஸ் டூ எழுதின போர்டோட வரிசை. அந்த போர்டில் அந்த வருஷம் தேறினவர்களை வரிசைப்படுத்தினால், மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்குக்குள் அவள் மார்க் இருக்கணும். அதுக்கான எல்லை மார்க் போர்டு வாரியாக, பிரிவு வாரியாக வரும். எல்லாரும் வாரி வாங்குற போர்டாக இருந்தால் அந்த எல்லை 75 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும், அப்போ அந்த வழியால் உதவி இல்லை. மார்க் இறுக்கமாகப் போடுற போர்டில்தான் 73 எடுத்தவரை அது காப்பாற்றும். எஸ்சி, எஸ்டிக்கு 75க்குப் பதில் 65.

ஒரே வரியில் ஒரு சதவீதமும் ஒரு பர்சன்டைலும் "அல்லது" போட்டு நிற்குது. ஒன்று அவளே தாண்ட வேண்டிய எண், இன்னொன்று மற்றவர்களோட வைத்துப் பார்க்கிற எண். இரண்டில் ஒன்று போதும்.

ஜனவரி அமர்வு முடிந்தாச்சு, பிளஸ் டூ இனிமேல்தானே? 73ஐ 75 ஆக்க இன்னும் இரண்டு சதவீதம்தான். என் கருத்து, ஏப்ரல் அமர்வுக்கு இராத்திரி பகலாகப் படிப்பதைவிட இந்த இரண்டு சதவீதத்துக்குத்தான் முதலில் இடம் கொடுக்கணும். அதுவும் இல்லாமல், போர்டோட முதல் 20 பர்சன்டைலிலும் வராமல் போனால், ஜேஇஇ பர்சன்டைல் 95 ஆனாலும் என்ஐடி கதவு திறக்காது.

---

மஞ்சூர் மழை

ஓபிசி என்றால் இன்னொரு விஷயம். 2025இல் அட்வான்ஸ்டுக்கு ஓபிசி கட்ஆஃப் 79.4313582தான். 90.4 அந்த அளவில் தாராளம். ஆனால் நம்ம தமிழ்நாட்டு பிசி சாதிச் சான்றிதழை மட்டும் காட்டினால் எடுத்துக்க மாட்டாங்க. மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் இல்லை என்று தனியாக வாங்கணும், தேதியும் அந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு இருக்கணும். இ-சேவையில் முன்கூட்டியே போட்டுவிடுங்க.

---

கோத்தகிரி தேயிலை

ஓபிசிதான். நாளைக்கே தாலுகா பக்கம் போய் விசாரிக்கிறேன். ஏப்ரலுக்குப் பிறகு தேதி வர்ற மாதிரி எப்போ விண்ணப்பிக்கணும் என்று யாருக்காவது தெரிந்தால் போடுங்க.

---

கூடலூர் அம்மா

144 கணக்கைப் பையனுக்குக் காட்டினேன். அவன் கேட்கிறான்: நீட் எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே தாள்தானே, அப்புறம் அங்கே பர்சன்டைல் எதுக்கு?

---

குன்னூர் கணக்கு

நல்ல கேள்வி கேட்டிருக்கான். ரேங்க் போட அங்கே அது தேவையே இல்லை, மார்க்கை வைத்தே வரிசை போடுறாங்க. தகுதிக் கோட்டுக்கு மட்டும்தான் வைத்திருக்காங்க. தாள் ஒரு வருஷம் கடினம், ஒரு வருஷம் எளிது. 50 சதவீதம் என்று 360இல் கோடு போட்டிருந்தால், மேலே சொன்ன 2022இல் நடு ஆளே 117இல் நின்றார், தகுதி பெற்றவர் எண்ணிக்கை பாதியிலிருந்து எங்கேயோ கீழே போயிருக்கும். பர்சன்டைலில் வைத்தால் தாளோட கடினத்தைப் பொறுத்துக் கோடு தானாக இறங்கும், ஏறும். அவன் 290 எடுத்த பயிற்சித் தாளோட நடு மார்க் என்ன என்று சென்டரில் கேட்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் அந்த 290 நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல முடியாது.